மோர் மிளகாயில் மோர் எங்கே?

மதிப்புக் கூட்டல் பயிற்சி எங்கே நடந்தாலும் மோர் மிளகாய் பட்டியலில் இருக்கு. நான் போய் உட்கார்ந்த இரண்டு பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தது ஒரே மாதிரிதான். பச்சை மிளகாயை உப்புத் தண்ணீரில் ஊறப்போடு, வாசத்துக்கு ரெண்டு கரண்டி தயிர் ஊத்து, நாலு நாள் வெயிலில் போட்டு எடு, பாக்கெட் போட்டு வித்துரு. வேலை குறைவு, லாபம் அதிகம் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த உழவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டில் கடைந்த மோர் மிஞ்சி, கழனிப்பானைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த முறையில் செய்தால் கிடைப்பது உப்பு மிளகாய். அதை மோர் மிளகாய் என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தப் பண்டம் எதற்காக வந்ததோ அந்தக் காரணத்தையே நாம் மறந்துவிட்டோம். மிளகாயை வைத்திருக்க வேண்டும் என்றால் பழுக்கவிட்டுக் காயப்போட்டால் போதும், வற்றல் மிளகாய் வருடம் முழுக்க நிற்கும். அதற்கு மோர் தேவையே இல்லை. மோர் மிளகாய் என்பது மோரைக் கெடாமல் வைப்பதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்த வழி. மிளகாய் அதற்குப் பாத்திரம். இதைப் பிடித்துக்கொண்டால்தான் செய்முறையில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்று தெரியும்.

ஒரு கலயம் தயிர், மூன்று வழி

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் கோடையில் தயிர் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. இரண்டாம் நாள் புளிக்கும், மூன்றாம் நாள் சாப்பிட முடியாது. அப்படிப்பட்ட தயிரை மூன்றாகப் பிரித்து மூன்று வழியில் வைத்தார்கள்.

முதலில் கடைந்து வெண்ணெய் எடுத்தார்கள். அதை உருக்கினால் நெய். வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் சடசடவென்று பொரிந்து தீர்ந்து, சத்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாக வரும்போது இறக்கிவிட்டால் அந்த நெய் மாதக்கணக்கில் நிற்கும். தண்ணீர் இல்லாத கொழுப்பில் கிருமி வளராது.

இரண்டாவது, வெண்ணெய் எடுத்த கெட்டி மோர். அது மிளகாயிலும் சுண்டைக்காயிலும் மணத்தக்காளியிலும் ஏறியது. மூன்றாவது, அதற்கும் மேல் புளித்துப்போன மோர். அது அரிசிக் கூழில் சேர்ந்து கூழ் வற்றலாக ஓலைப்பாயில் காய்ந்தது.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கு. வெண்ணெயை முதலில் எடுத்துவிட வேண்டும். இன்று சமையல் நிகழ்ச்சிகளில் ஏடு தயிரை அப்படியே அடித்து மிளகாயில் ஊற்றுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், முதல் மாதம் ருசியும் கூடுதலாக இருக்கும். ஆனால் கொழுப்பு ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் சிக்கு வாடை பிடிக்கும். சில மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் பழைய எண்ணெய் நாற்றம் வரும். வெண்ணெய் எடுத்த மோரில் செய்ததில் இந்தத் தொல்லை கிடையாது. நெய்யும் மோர் மிளகாயும் ஒரே கலயத்தில் பிறந்த பிள்ளைகள் என்பது இதனால்தான்.

இமயமலைப் பக்கம் நேபாளத்திலும் சிக்கிமிலும் சுர்ப்பி என்று ஒன்று செய்கிறார்கள். வெண்ணெய் எடுத்த மோரைக் காய்ச்சி, திரண்டதைப் பிழிந்து, கல் மாதிரி காயவைத்து, மாதக்கணக்கில் மென்று தின்கிறார்கள். அங்கே காற்று குளிர்ச்சி, ஈரம் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் மோர்க்கட்டியை அப்படியே காயப்போட்டால் உள்ளே காய்வதற்குள் ஈ மொய்த்துவிடும். சிறுசிறு காய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக மோரை ஏற்றினால் ஒவ்வொன்றும் தனியாக, சீக்கிரம் காயும். மிளகாயும் சுண்டைக்காயும் இந்த வேலைக்கு வந்த காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து கிலோ கணக்கு

எங்கள் வீட்டில் செய்கிற அளவையே சொல்கிறேன். பச்சை மிளகாய் 5 கிலோ, வெண்ணெய் எடுத்த கெட்டி மோர் 4 லிட்டர், கல்லுப்பு 400 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் இரண்டு கைப்பிடி. காலம் மாசி, பங்குனி. வெயில் ஏறியிருக்கும், பனி குறைந்திருக்கும், மிளகாய் வரத்தும் இருக்கும்.

மிளகாய் முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பிஞ்சு சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். பழம் அழுகும். காரம் மட்டான, தோல் ரொம்ப மொத்தமாக இல்லாத காய் நல்லது. கழுவி, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகவிட்டு, காம்பில் பாதியை நறுக்கிவிடுங்கள். முழுக் காம்பையும் பிடுங்கினால் விதை கொட்டும். பிறகு ஒவ்வொரு காயிலும் நடுவில் ஒரு அங்குலத்துக்குக் கத்தி நுனியால் கீற வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மிளகாய்த் தோல் மழைத்துணி மாதிரி, மேலே மெழுகுப் பூச்சு உண்டு. கீறாவிட்டால் மோர் வெளியேதான் ஒட்டும், உள்ளே இறங்காது. உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே வராது.

மோரைக் கடையும்போது தண்ணீர் விடாதீர்கள், அல்லது மிகக் குறைவாக விடுங்கள். இரண்டு நாள் புளித்த தயிராக இருக்கட்டும். புளிப்பு இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. அழுகவைக்கும் கிருமிகள் புளிப்பில் தலைதூக்காது. உப்பும் புளிப்பும் சேர்ந்து முதல் சில நாள் காவல் காக்கும். அதற்குள் வெயில் தண்ணீரை இழுத்துவிடும், அப்புறம் காவல் காய்ச்சலுடையது. புளிப்பு, உப்பு, காய்ச்சல் மூன்றும் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றுகின்றன. இதில் எந்த ஒன்றைக் குறைத்தாலும் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

பாத்திரம் பீங்கான் ஜாடி அல்லது மண்பானை. பித்தளையில் களிம்பு ஏறும், அலுமினியத்தைப் புளிப்பும் உப்பும் அரிக்கும். இரண்டும் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் மிளகாய் மோரிலேயே முழுகிக் கிடக்கட்டும். காலையிலும் மாலையிலும் மரக்கரண்டியால் அடிமேலாகக் கிளறுங்கள். பச்சை நிறம் மங்கி ஒரு மாதிரி ஆலிவ் நிறத்துக்கு வரும், மோரில் மிளகாய்ச் சாறு இறங்கும். மூன்றாம் நாள் காலை மிளகாயை வடித்தெடுத்துப் பாயிலோ வெள்ளைத் துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மோர் ஜாடியையும் வாயில் மெல்லிய துணி கட்டி வெயிலிலேயே வையுங்கள். மாலையில் மிளகாயைத் திரும்ப அதே மோரில் போட்டுவிடுங்கள். மறுநாள் காலை மறுபடி வெயில், மாலை மறுபடி மோர்.

இந்தப் போக்குவரத்துதான் மோர் மிளகாயின் உயிர். பகலில் மிளகாய் தண்ணீரை இழந்து சுருங்குகிறது. இரவில் அந்தக் காலி இடத்துக்கு மோரைக் குடிக்கிறது. மறுநாள் மோரில் இருக்கும் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், மோரின் சத்தும் உப்பும் புளிப்பும் உள்ளே தங்கும். நான்கு நாளில் ஜாடி வற்றி, அடியில் கூழ் மாதிரி கொஞ்சம் நிற்கும். அதையும் மிளகாயில் தடவிவிட்டால் மோர் முழுக்க ஏறிவிட்டது. காரம் அடங்குவதும் இதனால்தான். மிளகாயின் எரிப்பைப் பால் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே முறை நனைத்து எடுப்பதில் இது எதுவுமே நடக்காது.

ஏழாம் நாளிலிருந்து வெயில் மட்டும். மூன்று நாள், தேவைப்பட்டால் நான்கு. மாலையில் வீட்டுக்குள் எடுத்து மூடிவிடுங்கள். இரவுப் பனி பகல் காய்ச்சலைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கடைசியில் எடை போட்டால் சுமார் 1,400 கிராம் நிற்கும். போட்டது மொத்தம் ஒன்பதரைக் கிலோ. எட்டுக் கிலோ தண்ணீரைச் சூரியன் செலவில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

மேகம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். அது எந்த நாளில் போடுகிறது என்பதைப் பொறுத்தது. முதல் ஆறு நாளுக்குள் என்றால் பயம் இல்லை. மிளகாயை மோருக்குள்ளேயே முழுக்கி வையுங்கள், கிளறிவிடுங்கள். ஓரிரு நாள் தாங்கும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்தால் உப்பு போதவில்லை என்று அர்த்தம். ஏட்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உப்புச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆபத்தான நேரம் ஏழாம் நாள், எட்டாம் நாள். மோர் தீர்ந்துவிட்டது, திரும்பப் போக ஜாடி இல்லை. மிளகாய் பாதி காய்ந்து, உள்ளே ஈரம் இருக்கிறது. அப்போது மழை பிடித்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். குவித்து மூடாமல், வீட்டுக்குள் பரப்பி, மின்விசிறிக் காற்றிலோ அடுப்படிச் சூட்டிலோ காயவையுங்கள். அதனால்தான் ஆடி, ஐப்பசியில் இதைத் தொடங்காதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

பூசணம் பிடித்ததைக் கழுவித் திரும்பக் காயப்போட்டு விற்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கு. இதை மட்டும் செய்யவே கூடாது. மெதுவாகக் காயும் மிளகாயில் வளரும் சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைப் பாதிக்கும், கழுவினாலும் வறுத்தாலும் போகும் என்று நம்ப முடியாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வந்து சேரும்.

நல்ல மோர் மிளகாயிலும் மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். அது மோர்ப்பொடியும் உப்பும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். பூசணம் பஞ்சு மாதிரி, காம்படியிலும் கீறிய வாயிலும் ஒட்டி நிற்கும், மக்கு வாடை அடிக்கும். கீறலை விரித்து உள்ளே பாருங்கள். உள்ளே கறுத்தோ சாம்பல் பூத்தோ இருந்தால் குப்பைக்குழிதான்.

காய்ச்சல் போதுமா என்று பார்க்கக் காதும் கையும் போதும். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். ஒடித்தால் அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிய வேண்டும். தோல் செருப்பு மாதிரி வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். எண்ணெயில் போட்டால் உடனே உப்பி, பழுப்புக்குத் திரும்பும். வெடித்துத் தெறித்தால் உள்ளே ஈரம்.

கடையில் வாங்கியதையும் வீட்டில் செய்ததையும் வறுக்காமல் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். மோர் ஏறியதில் புளிப்பு முதலில் வரும், உப்பு பிறகு, காரம் கடைசியில். உப்பு மட்டும் முன்னாடி வந்து, பின்னாடியே காரம் சுள்ளென்று அடித்தால் அதில் மோர் இல்லை.

சூரிய உலர்த்தி வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். கடைசி மூன்று நாளுக்கு நல்லது, தூசி, ஈ, திடீர் மழை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும். முதல் நாளே அதில் போட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். உலர்த்தி வாங்கினாலும் இரவு மோருக்குத் திரும்புவதை விட்டுவிடாதீர்கள்.

மற்ற காய்கள்

மோர் மிஞ்சும்போது மிளகாய் இல்லாவிட்டால் வேறு பாத்திரம் தேடிக்கொள்ளலாம். முறை ஒன்றுதான், மோர் உள்ளே போக வழி செய்வதில்தான் வேறுபாடு. சுண்டைக்காயை அம்மியில் வைத்து ஒரு தட்டு, விதை சிதறாமல் வாய் பிளக்கிற அளவுக்கு. மணத்தக்காளியின் பச்சைக்காய் சிறிது, ஊறவைத்தாலே போதும். கொத்தவரையை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, பிறகு மோரில் போட வேண்டும். தென்மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் தானாகப் படரும் மிதுக்கங்காயை இரண்டாகப் பிளந்து போடுவார்கள். சுண்டையும் மிதுக்கும் யாரும் விதைக்காமல் வேலியிலும் கரிசலிலும் காய்ப்பவை. கசப்பு காரணமாகச் சும்மா தின்ன முடியாதவை. மோர் அந்தக் கசப்பை அடக்கித் தின்னக்கூடிய பண்டமாக மாற்றுகிறது.

விலை என்ன சொல்கிறது

இப்போது கணக்குக்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 100. மோர் லிட்டர் 10 என்று வைத்தால் 40. உப்பும் வெந்தயமும் 10. பொருள் 150 ரூபாய்தான். கீறுவது, காலை பரப்புவது, மாலை அள்ளுவது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் பிடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி என்றால் அது 450. ஆக 600. கிடைப்பது 1,400 கிராம். கிலோவுக்கு 430 ரூபாய் அடக்கம், பையும் போக்குவரத்தும் தனி. இருபது கிலோவாகச் செய்தால் பரப்புகிற, அள்ளுகிற நேரம் மிச்சமாகி அடக்கம் இறங்கும், ஆனால் கீறுகிற வேலை இறங்காது.

அப்படியென்றால் இதைவிடப் பாதி விலைக்கு விற்பவர் எதையோ விட்டிருக்கிறார். மோரை விட்டிருப்பார், அல்லது வேலை செய்த பெண்ணின் கூலியை விட்டிருப்பார். அந்த விலையோடு நாம் போட்டி போட வேண்டாம் என்பதே என் கருத்து. போட்டி போட்டால் நாமும் அந்த இரண்டில் ஒன்றைத்தான் விட வேண்டி வரும். பெரும்பாலும் கூலிதான் விடுபடும், ஏனென்றால் அது வீட்டுப் பெண் கூலி, கணக்கில் எழுதப்படுவதே இல்லை.

மாடு இல்லாதவர்கள் கடையில் தயிர்ப் பாக்கெட் வாங்கி இதைச் செய்ய வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். விலைக்கு வாங்கிய தயிரில் இந்தக் கணக்கு நிற்காது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவரோடு சேர்ந்து செய்யுங்கள். அவர் நெய்யை எடுத்துக்கொள்ளட்டும், மோர் உங்களுக்கு வரட்டும்.

இயற்கை மிளகாயாக இருப்பது இங்கே கூடுதல் அவசியம். மிளகாய் நிறைய மருந்தடி வாங்கும் பயிர். இலைப்பேனுக்கு ஒன்று, அசுவினிக்கு ஒன்று, காய்ப்புழுவுக்கு ஒன்று. இதில் தோலுரிக்கிற வேலையும் இல்லை. ஐந்து கிலோவை ஒன்றரைக் கிலோவுக்குள் சுருக்கும்போது தண்ணீரோடு போகாத நஞ்சும் சேர்ந்து சுருங்கும். பஞ்சகவ்யமும் மீனமிலமும் அடித்து வளர்த்த காயை உப்புத் தண்ணீரில் முக்கி விற்பது எவ்வளவு வீணோ, மருந்தடித்த காயை நல்ல மோரில் ஊறவைப்பதும் அவ்வளவு வீண்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன 1,400 கிராமில் கிட்டத்தட்ட 400 கிராம் உப்பு. சாப்பாட்டுக்கு நாலு மிளகாய் கடித்தால் இரண்டு கிராம் உப்பு உள்ளே போகும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உப்பைக் குறைத்துச் செய்து பார்க்கலாம் என்று இறங்காதீர்கள். குறைக்க வேண்டியது இலையில், ஜாடியில் இல்லை.

நமது சந்தைகளில் மோர் மிளகாய் விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பையின் மேல் எத்தனை கிலோ மிளகாய்க்கு எத்தனை லிட்டர் மோர், எத்தனை இரவு ஊறியது என்று எழுதுங்கள். எழுத முடிந்தவர் விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர்களும் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.